log₂3 பெரிதா, log₃5 பெரிதா? கால்குலேட்டர் இல்லாமல் ஒரு தீர்ப்பு

மேற்கு மாம்பலத்தில் பதினொன்று, பன்னிரண்டு படிக்கிற பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு எடுக்கிறேன். ஒரு நாள் நல்ல மழை, துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்று தி.நகர் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. புதுப் பாடம் தொடங்கினால் வராதவர்களுக்கு மறுபடி எடுக்க வேண்டும், அதனால் வந்தவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி மட்டும் பலகையில் எழுதினேன்: log₂3, log₃5 இரண்டில் எது பெரியது? கால்குலேட்டர் கூடாது, லாக் டேபிளும் கூடாது. ஜேஇஇ தேர்விலும் கால்குலேட்டர் கிடையாது என்பதால் இது வெறும் வீம்புக்காக வைத்த கட்டுப்பாடு இல்லை.

முதலில் இந்த இரண்டு எண்களும் என்ன என்று சொல்லிவிடுகிறேன். 2-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 3 வருமோ அதுதான் log₂3. 2¹ = 2, 2² = 4, மூன்று நடுவில் இருக்கிறது, ஆக log₂3 என்பது 1-க்கும் 2-க்கும் இடையில். log₃5-க்கும் அதே கதைதான், 3¹ = 3, 3² = 9, ஐந்து நடுவில். இரண்டுமே "ஒன்று புள்ளி ஏதோ". முழு எண் பகுதியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதால்தான் இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும்.

மூன்று விதமான பதில்கள் வந்தன. மூன்றையும் எடுத்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் ஏறக்குறைய இதே மூன்றில் ஒன்றுதான் முதலில் வரும்.

"மிஸ், 2-லிருந்து 3-க்கு ஒண்ணுதான் கூடுது, 3-லிருந்து 5-க்கு ரெண்டு கூடுது, அப்போ log₃5 தான் பெரிசு" என்றாள் ஒருத்தி. பக்கத்தில் இருந்த பையன் உடனே அவளைத் திருத்தினான்: லாக் என்றால் வித்தியாசத்தைப் பார்க்கக் கூடாது, விகிதத்தைப் பார்க்க வேண்டும். 3/2 என்பது 1.5, 5/3 என்பது 1.66, ஆக அப்போதும் log₃5 தான் பெரியது என்றான். இரண்டு பேரும் வேறு வேறு வழியில் ஒரே பதிலுக்கு வந்ததால் வகுப்புக்கே அது சரி என்று தோன்றிவிட்டது.

இரண்டும் தவறு. அதைக் காட்ட ஓர் எதிர் உதாரணம் போதும். log₁₀30 எடுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 20, விகிதம் 3, இரண்டுமே மேலே இருப்பதைவிடப் பெரியவை. ஆனால் 30² = 900, 10³ = 1000. முப்பதின் வர்க்கம் பத்தின் கனத்தை எட்டவில்லை, அதாவது 30 என்பது 10-இன் ஒன்றரையாவது அடுக்கைவிடக் குறைவு, அதனால் log₁₀30 ஒன்றரைக்குக் கீழே. log₂3 ஒன்றரைக்கு மேலே என்று சற்று நேரத்தில் பார்க்கப் போகிறோம். ஆக விகிதம் பெரிதாக இருந்தும் லாக் சிறிதாக இருக்கலாம். காரணமும் எளிதுதான். log₂3 = 1 + log₂(3/2), log₃5 = 1 + log₃(5/3) என்று பிரித்து எழுதினால், லாக்குக்குள் இருக்கும் எண் கூடும்போதே அடிமானமும் 2-லிருந்து 3-க்குக் கூடிவிட்டது என்பது கண்ணில் படும். ஒன்று மேலே இழுக்கிறது, மற்றொன்று கீழே இழுக்கிறது. எது ஜெயிக்கும் என்பதுதான் கேள்வியே, பையனோ ஒன்றை மட்டும் பார்த்தான்.

மூன்றாவது பதில் கொஞ்சம் ஆழமானது. பின் வரிசையில் இருந்த ஒரு பெண், "3 என்பது 2-க்கும் 4-க்கும் சரியாக நடுவில் இருக்கிறது, அதனால் log₂3 சுமார் 1.5. 5 என்பது 3-க்கும் 9-க்கும் இடையில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கிறது, அதனால் log₃5 சுமார் 1.33. அப்போது log₂3 பெரியது" என்றாள். பதில் சரி. ஆனால் இது நிரூபணம் ஆகுமா?

இங்கேதான் நான் அன்றைக்கு அதிக நேரம் நின்றேன். லாக் வரைபடம் மேல்பக்கம் வளைந்து போகும். அதன் இரண்டு புள்ளிகளை ஒரு நேர்கோட்டால் இணைத்தால் கோடு எப்போதும் வளைவுக்குக் கீழேதான் இருக்கும். அந்தப் பெண் செய்தது நேர்கோட்டின் மேல் அளந்தது. ஆகவே அவளுடைய இரண்டு எண்களும் உண்மையைவிடக் குறைவானவை என்பது உறுதி: log₂3 > 1.5, log₃5 > 1.33. முதல் வாக்கியம் தங்கம். இரண்டாவதால் நமக்கு ஒரு பயனும் இல்லை. எதைச் சின்னது என்று காட்ட வேண்டுமோ அதற்கு "இதற்கு மேல் போகாது" என்கிற உச்ச வரம்பு வேண்டும், "இதற்குக் கீழே வராது" என்று சொல்லி என்ன ஆகப்போகிறது? log₃5 > 1.33 என்பது log₃5 = 1.9 என்றாலும் உண்மையாகத்தான் இருக்கும். பாதி நிரூபணம் அவள் கையில் இருந்தது, மீதிப் பாதிக்கு அவள் வைத்திருந்த கருவி தப்பான பக்கத்தைத் தொட்டது.

அந்த மீதிப் பாதியை முடிப்பது கஷ்டமே இல்லை. முதல் வரம்பு 1.5 என்று கிடைத்துவிட்டது, அதே 1.5-ஐ log₃5-இடமும் கேட்டுப் பார்த்தால் போதும். முழுவதையும் வளைவு, கோடு எதுவும் இல்லாமல் எழுதிவிடலாம்:

9 > 8, அதாவது 3² > 2³, ஆகவே 3 > 2^(3/2), ஆகவே log₂3 > 3/2.

25 < 27, அதாவது 5² < 3³, ஆகவே 5 < 3^(3/2), ஆகவே log₃5 < 3/2.

ஆக log₃5 < 3/2 < log₂3. முடிந்தது. log₂3 தான் பெரியது. இரண்டு வரி, அதில் தெரிந்திருக்க வேண்டியதெல்லாம் 8, 9, 25, 27 என்கிற நான்கு எண்கள் மட்டும்.

3/2 இங்கே ஓர் எல்லைக்கல். இரண்டு எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடவே இல்லை, நடுவில் ஒரு கல்லை நட்டு, ஒன்று இந்தப் பக்கம், மற்றொன்று அந்தப் பக்கம் என்று காட்டினோம், அவ்வளவுதான். இதில் பிள்ளைகள் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. p/q என்ற பின்னத்தோடு ஒப்பிடும்போது மேலே இருக்கும் p அடிமானத்துக்குப் போக வேண்டும், கீழே இருக்கும் q லாக்குக்குள் இருக்கும் எண்ணுக்குப் போக வேண்டும். அவசரத்தில் மாற்றிப் போட்டு 3³-ஐயும் 2²-ஐயும் ஒப்பிட்டு, 27 > 4 என்று எழுதுகிறார்கள். அது உண்மைதான், ஆனால் அது சொல்வது log₂3 > 2/3 என்று, அது கேட்காமலேயே தெரிந்த விஷயம். இரண்டு பக்கத்து எண்களும் இப்படி வெகுதூரம் விலகி இருந்தால் அடுக்குகளை மாற்றிப் போட்டிருக்கிறோமா என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். சரியான எல்லைக்கல்லை நட்டிருந்தால் எண்கள் 9-உம் 8-உம் போல, 25-உம் 27-உம் போல அருகருகே நிற்கும்.

சரி, 3/2 எங்கிருந்து வந்தது? அந்தப் பெண்ணுக்கு 3 சரியாக 2, 4-இன் நடுவில் இருந்ததால் கிடைத்தது, அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் இல்லாமலும் வரும். இரண்டிலும் 1 பொது, அதைக் கழித்துவிடலாம். மிஞ்சுவது log₂(3/2), log₃(5/3). இப்போது இரண்டும் 0-க்கும் 1-க்கும் நடுவில். அப்படி இருக்கும்போது முதலில் கேட்க வேண்டியது "பாதிக்கு மேலா, கீழா?" என்பதுதான். பாதிக்கு மேலே என்றால் அந்த எண்ணின் வர்க்கம் அடிமானத்தைத் தாண்டும். (3/2)² = 9/4, அது 2-ஐத் தாண்டிவிட்டது. (5/3)² = 25/9, அது 3-ஐத் தாண்டவில்லை, 27/9 ஆகியிருந்தால்தான் 3. ஆக ஒன்று பாதிக்கு மேல், மற்றொன்று பாதிக்குக் கீழ். 1-ஐத் திரும்பக் கூட்டினால் அதே 3/2. பாதியில் பிரியவில்லை என்றால் வேறு பின்னத்துக்குப் போக வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

இதற்கு நடுவே, நன்றாகத் தயாராகி வருகிற ஒரு பையன் கையைத் தூக்கினான். "மிஸ், இது ஏஎம்-ஜிஎம் கணக்குதானே?" என்றான். கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரியைவிடச் சிறியதாகாது என்கிற அந்தச் சமனிலியைத்தான் சொல்கிறான். அவனுக்கு log₂3, log₃4 ஒப்பீடு தெரியும், அது எல்லாப் பயிற்சிப் புத்தகத்திலும் இருக்கிற கணக்கு. அதில் அடிமானத்தை மாற்றி எழுதினால் (log 3)² பெரிதா, log 2 · log 4 பெரிதா என்று கேள்வி மாறும். log 2, log 4 இரண்டின் பெருக்கல் அவற்றின் சராசரியின் வர்க்கத்தைவிடச் சிறியது, சராசரி என்பது (log 8)/2, 8 < 9 என்பதால் அது (log 9)/2-ஐவிட, அதாவது log 3-ஐவிடச் சிறியது. ஆக log 2 · log 4 < (log 3)², எனவே log₃4 < log₂3. அழகான வழி.

அதையே நம் கணக்கில் போட்டால் என்ன ஆகிறது? கேள்வி (log 3)² பெரிதா, log 2 · log 5 பெரிதா என்பது. log 2, log 5 சராசரி (log 10)/2. ஆனால் 10 > 9. சங்கிலி அறுந்துவிட்டது. நமக்குக் கிடைப்பது log 2 · log 5 என்பது ஏதோ ஒரு எண்ணைவிடச் சிறியது, அந்த எண்ணோ (log 3)²-ஐவிடக் கொஞ்சம் பெரியது என்ற தகவல் மட்டும். இதிலிருந்து எந்த முடிவும் வராது. பையன் இங்கே "அப்போ சமனிலி திரும்பிடுச்சு, log₃5 தான் பெரிசு" என்று எழுதப் போனான், நான் நிறுத்தினேன். A < B, C < B என்று தெரிந்தால் A-க்கும் C-க்கும் நடுவே என்ன உறவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வழி தோற்றால் எதிர்ப்பதில் நிரூபணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வது தேர்வுத்தாளில் நான் அடிக்கடி பார்க்கிற தப்பு, அதுவும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் தாளில்.

ஏன் தோற்றது என்று பார்க்க, காரணத்தைப் புரிந்துகொள்ள மட்டும், லாக் டேபிளை ஒரு நிமிஷம் திறக்கலாம். பத்தடிமானத்தில் log 2 = 0.3010, log 5 = 0.6990. இரண்டின் கூட்டல் சரியாக 1, ஏனென்றால் 2 × 5 = 10. சராசரி 0.5, அதன் வர்க்கம் 0.25. உண்மையான பெருக்கல் 0.2104. log 3 = 0.4771, அதன் வர்க்கம் 0.2276. அதாவது 0.2104 < 0.2276 என்று காட்ட வேண்டும், ஆனால் ஏஎம்-ஜிஎம் 0.2104-ஐ 0.25 வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தேவைக்கு மேல் தூக்கிவிட்டது. எவ்வளவு தூக்கும் என்பதும் கணக்காகத் தெரியும்: இரண்டு எண்களின் வித்தியாசத்தில் பாதி, அதன் வர்க்கம். இங்கே பாதி வித்தியாசம் 0.199, வர்க்கம் கிட்டத்தட்ட 0.04. log 2-உம் log 5-உம் ஒன்றுக்கொன்று வெகு தூரம், அதனால் இழப்பு அதிகம். log 2, log 4 ஜோடியில் தூரம் குறைவு, பிழைத்துக்கொண்டது.

அப்படியென்றால் மருந்தும் அதிலேயே இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் கொண்டுவா. log 2-ஐ 4-ஆல் பெருக்கினால் log 16. log 5 அப்படியே இருக்கட்டும். இப்போது பாருங்கள்:

log 16 · log 5 < ((log 80)/2)² < ((log 81)/2)² = (2 log 3)² = 4 (log 3)².

இடது பக்கம் 4 log 2 · log 5. இரண்டு பக்கமும் 4-ஆல் வகுத்தால் log 2 · log 5 < (log 3)². அவ்வளவுதான், log₃5 < log₂3. மொத்த நிரூபணமும் 80 < 81 என்கிற ஒரே ஒரு எண்ணின் இடைவெளியில் நிற்கிறது. இதைப் பலகையில் எழுதியபோது அந்தப் பையன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான், எனக்கும் ஒவ்வொரு தடவையும் இது சந்தோஷம் தருகிறது.

ஏன் 4? வலது பக்கத்தில் வர்க்கம் வெளியே சுத்தமாக வர வேண்டும் என்றால் நாம் பெருக்கும் எண் ஒரு வர்க்க எண்ணாக இருக்க வேண்டும், 2-ஆலோ 3-ஆலோ பெருக்கினால் √2, √3 என்று அடுக்கில் வந்து நிற்கும், பிறகு அதோடு மல்லுக்கட்ட வேண்டும். 4 போதாது என்று யாருக்காவது பட்டால் log 2-ஐ 9-ஆலும் log 5-ஐ 4-ஆலும் பெருக்கலாம், மொத்தம் 36, அதுவும் வர்க்கம்தான். அப்போது log 512, log 625, இரண்டும் ஒட்டி நிற்கின்றன, ஒப்பிட வேண்டியது 512 × 625 = 320000-ஐயும் 3¹² = 531441-ஐயும். இங்கே தாராளமாக இடம் இருக்கிறது. என் அபிப்ராயத்தில் இந்தக் குறிப்பிட்ட கணக்குக்கு 3/2 வழிதான் சிறந்தது, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் அடுக்குகள் தெரிந்தால் புரியும். ஆனால் ஏஎம்-ஜிஎம் தோற்றால் அதை எப்படிச் சரிக்கட்டுவது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போது பாதியில் பிரியாத கணக்கு. அன்றைக்கே கடைசியில் log₂3-க்கு எதிராக log₅12-ஐ நிறுத்தினேன். முதலில் 3/2. 3² > 2³ தெரிந்ததுதான். 12² = 144, 5³ = 125, ஆக log₅12-உம் 3/2-க்கு மேலே. இரண்டும் ஒரே பக்கம், எல்லைக்கல் பயன்படவில்லை. கொஞ்சம் மேலே போய் 8/5-ஐ முயற்சி செய்வோம். 3⁵ = 243, 2⁸ = 256, ஆக log₂3 < 8/5. 12⁵ = 248832, 5⁸ = 390625, ஆக log₅12 < 8/5. மறுபடி ஒரே பக்கம். ஆனால் வீண்போகவில்லை, இரண்டும் 3/2-க்கும் 8/5-க்கும் நடுவில் மாட்டிக்கொண்டன.

நடுவில் அடுத்த கல்லை எங்கே நடுவது? இரண்டின் சராசரி 31/20 எடுக்கலாம், ஆனால் 3²⁰ என்று கைக்கணக்குப் போட யாருக்குப் பொறுமை இருக்கிறது. அதற்குப் பதில் தொகுதியோடு தொகுதியைக் கூட்டு, பகுதியோடு பகுதியைக் கூட்டு: (3+8)/(2+5) = 11/7. ஆறாம் வகுப்பில் பின்னங்களை இப்படிக் கூட்டினால் மதிப்பெண் போய்விடும், அது பின்னங்களின் கூட்டல் இல்லை. ஆனால் இப்படிச் செய்தால் கிடைக்கும் பின்னம் எப்போதும் பழைய இரண்டுக்கும் நடுவில் விழும். 3/2, 8/5 போலக் குறுக்கே பெருக்கினால் ஒன்று மட்டும் வித்தியாசம் வருகிற ஜோடி என்றால் (2 × 8 = 16, 3 × 5 = 15), அந்த நடுப்பகுதியில் இருக்கிற எல்லாப் பின்னங்களிலும் மிகச் சிறிய பகுதி கொண்டதும் அதுவே. சிறிய பகுதி என்றால் சிறிய அடுக்கு, சிறிய அடுக்கு என்றால் குறைந்த கைவேலை. நமக்கு வேண்டியது அதுதான்.

11/7-ஐச் சோதிப்போம். 3⁷ = 2187, 2¹¹ = 2048, ஆக log₂3 > 11/7. மற்றதற்கு 12⁷ வேண்டும். 12³ = 1728, அதை வர்க்கித்தால் 12⁶ = 2985984, இன்னொரு 12 பெருக்கினால் 35831808. 5¹¹ = 48828125. 12⁷ < 5¹¹, ஆக log₅12 < 11/7. பிரிந்துவிட்டது: log₅12 < 11/7 < log₂3. இரண்டு எண்களும் உண்மையில் சுமார் 1.544, 1.585, வித்தியாசம் 0.04 தான், அதையே ஒரு தாள் கணக்கில் பிடித்துவிட்டோம்.

இந்த வழிக்கு எல்லை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எண்கள் இன்னும் நெருங்கினால் நடுவில் நட வேண்டிய பின்னத்தின் பகுதி பெரிதாகிக்கொண்டே போகும். log₅12-க்குப் பதில் log₅13 வைத்தால் பாருங்கள், அது சுமார் 1.594, log₂3 சுமார் 1.585, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மிக எளிய பின்னம் 27/17. 3¹⁷-ஐ 2²⁷-உடன் ஒப்பிடுவது ஒன்பது இலக்கம், செய்யலாம், ஆனால் 13¹⁷-உம் 5²⁷-உம் பத்தொன்பது இலக்கம். அங்கே கைக்கணக்கு நிறுத்திக்கொள்வதே நியாயம்.

இன்னொரு ஆபத்து, இரண்டு எண்களும் சமமாகவே இருந்துவிட்டால்? log₂3-ஐயும் log₄9-ஐயும் கொடுத்து எது பெரியது என்று கேட்டால் இந்த முறை முடிவே இல்லாமல் ஓடும், ஒவ்வொரு கல்லிலும் இரண்டும் ஒரே பக்கமே நிற்கும், ஏனென்றால் 4 = 2², 9 = 3², இரண்டும் ஒரே எண். log₂3 எந்தப் பின்னத்துக்கும் சமமாகவும் ஆகாது, p/q-க்குச் சமம் என்றால் 3^q = 2^p ஆக வேண்டும், இடது பக்கம் ஒற்றைப்படை, வலது பக்கம் இரட்டைப்படை. ஆக நடுவில் தற்செயலாக நிற்கவும் செய்யாது. அதனால் சோதனையைத் தொடங்குவதற்கு முன் அடிமானமும் உள்ளே இருக்கும் எண்ணும் சேர்ந்து வேறு ஒரு ஜோடியின் அதே அடுக்காக இருக்கின்றனவா என்று ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். 3, 5 ஜோடிக்கும் 2, 3 ஜோடிக்கும் அப்படி எதுவும் இல்லை.

கடைசியாக ஒரு பெண் கேட்டாள், "2, 3, 5 பிபனாச்சி எண்கள்தானே மிஸ், அடுத்து 8, 13 போட்டா என்ன ஆகும்?" அவள் சொன்ன பிறகுதான் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். போட்டுப் பார்த்தோம். log₃5, log₅8 இரண்டுக்கும் நடுவே 4/3 நிற்கிறது: 5³ = 125 > 81 = 3⁴, 8³ = 512 < 625 = 5⁴. log₅8, log₈13 நடுவே 5/4: 8⁴ = 4096 > 3125 = 5⁵, 13⁴ = 28561 < 32768 = 8⁵. 3/2, 4/3, 5/4 என்று எல்லைக்கற்கள் வரிசையாக வந்து நின்றன.

இது தற்செயல் இல்லை. பிபனாச்சி வரிசையில் அடுத்த எண் முந்தையதைப் போலக் கிட்டத்தட்ட 1.618 மடங்கு, அதனால் அவற்றின் லாக் ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய ஒரே அளவு கூடுகிறது. log₅8 = 1 + (log 8 − log 5)/(log 5). மேலே இருப்பது ஒரு படியின் உயரம், கீழே இருப்பது 5 வரைக்கும் ஏறிய மொத்த உயரம். படிக்கணக்கில் அளந்தால் அந்த மொத்த உயரம் மூன்றரைக்குச் சற்றுக் குறைவு, 8-க்கு நாலேகால், 13-க்கு ஐந்தேகால் பக்கம், ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடுகிறது. ஆகவே 5-இலிருந்து 8-க்குப் போகும்போது உயரம் நான்கைத் தாண்டுகிறது, 8-இலிருந்து 13-க்கு ஐந்தைத் தாண்டுகிறது, எல்லைக்கல்லும் 1 + 1/4, 1 + 1/5 என்று முழு எண்களில் விழுகிறது. அதன்படி log₈13-க்கும் log₁₃21-க்கும் நடுவே 6/5 நிற்க வேண்டும். 8⁶ = 262144, 13⁵ = 371293. 21⁵ = 4084101, 13⁶ = 4826809. நிற்கிறது.